மாத்திரை தீரும் நாள்: வாடிக்கையாளருக்கு எப்போது, எப்படிச் சொல்வது?

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். ஒரு பக்கம் கோமுகி அணை, இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை. வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகிறார்கள். இப்படிப்பட்ட அடிவார ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு விதமான மாத வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஊருக்குள் இருப்பவர் மாத்திரை தீர்ந்த அன்று சாயங்காலமே நடந்து வந்து வாங்கிக்கொள்வார். மலையில் இருப்பவர் வாரத்துக்கு ஒரு நாள்தான் கீழே இறங்குவார். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். இருவரும் சாப்பிடுவது ஒரே பிரஷர் மாத்திரை, ஒரே சுகர் மாத்திரையாக இருக்கலாம். ஆனால் 'மாத்திரை தீரப் போகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்' என்று இருவருக்கும் ஒரே நாளில் சொன்னால் ஒருவருக்கு அது பயன்படாது.

வாடிக்கையாளர் வழக்கமாக எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று பார்த்து, சரக்கு தீரும் முன்பே நினைவூட்டுவது எல்லா வியாபாரத்திலும் உண்டு. மாட்டுத்தீவனக் கடைக்காரரும் செய்கிறார், தண்ணீர் கேன் போடுகிறவரும் செய்கிறார். அங்கெல்லாம் பழைய கணக்கைப் பார்த்தால் போதும். இரண்டு கறவை மாட்டுக்கு ஒரு மூட்டை இத்தனை நாள் வரும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த மூட்டைக்கான நாளும் தெரிந்துவிடும். தீவனம் தீர்ந்தால் மாடு கத்தும், பால் குறையும், வீட்டுக்காரர் தானாகவே ஓடி வருவார். மாதாந்திர மாத்திரையில் அப்படி எதுவும் நடக்காது. பிரஷர் மாத்திரையை நிறுத்திய மறுநாள் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. நினைவூட்டல் மிகவும் தேவைப்படுகிற இடமும், பழைய கணக்கு மிகவும் ஏமாற்றுகிற இடமும் இதுதான். அதனால் இந்தக் கேள்வியை மருந்துக் கடையில் வைத்தே ஆராய்வோம்.

கணக்கிடும் முறைகள்

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, நாள்காட்டி முறை. வாங்கிய நாளிலிருந்து முப்பதாவது நாளுக்கு முன்னால் ஒரு குறுஞ்செய்தி போகும். பில் போடும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. எளிமையானது, ஆனால் மாத்திரை அட்டை மாதக் கணக்குப் பார்த்துத் தயாராவதில்லை. ஒரு கம்பெனியின் அட்டையில் 10 மாத்திரை இருக்கும், இன்னொன்றில் 14, வேறொன்றில் 15 அல்லது 20. தைராய்டு மாத்திரை 100 அல்லது 120 உள்ள டப்பாவாகவே வருகிறது. கையில் பணம் இல்லாத மாதத்தில் ஓர் அட்டை மட்டும் வாங்கிப் போகிறவரும் உண்டு. பதினைந்து நாளில் தீர்ந்துபோன மாத்திரைக்கு முப்பதாவது நாளில் நினைவூட்டுவதில் பொருளில்லை.

இரண்டாவது, பழைய இடைவெளி முறை. இவர் கடந்த சில தடவைகளில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்கினார் என்று சராசரி எடுத்து, அந்த நாள் நெருங்கும்போது சொல்வது. சமீபத்திய வாங்குதல்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தால் மாறிவரும் பழக்கத்தையும் இது பிடித்துக்கொள்ளும். இணையக் கடைகள் சோப்பு, டயாப்பர், நாய்த்தீனி விற்பதற்கு இந்த வழியைத்தான் நம்புகின்றன. மளிகைக்கு இது நல்ல முறை.

மூன்றாவது, எண்ணிக்கை முறை. வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையையும் இன்று வாங்கிய மாத்திரையையும் கூட்டி, டாக்டர் எழுதிய ஒரு நாள் அளவால் வகுப்பது. வருவது எத்தனை நாள் தாங்கும் என்பது. எந்தத் தேதியில் கடைசி மாத்திரை என்பதும் அதிலிருந்தே கிடைக்கும். இதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. ஆனால் வாங்க வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

பழக்கத்தைப் பார்த்தால் குறையும் பழக்கமாகிவிடும்

இரண்டாவது முறையில் ஒளிந்திருக்கும் ஆபத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். நாளுக்கு ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிட வேண்டிய ஒருவர் ஜனவரி 3, பிப்ரவரி 10, மார்ச் 22, ஏப்ரல் 28 ஆகிய நாட்களில் ஒவ்வொரு தடவையும் 30 மாத்திரை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளிகள் முறையே 38, 40, 37 நாட்கள். சராசரி 38 நாளுக்குச் சற்று மேல். சராசரியை நம்பும் கணக்கு, 'இவருக்கு ஓர் அட்டைக்கட்டு 38 நாள் வருகிறது, 35-ஆம் நாள் சொன்னால் போதும்' என்று முடிவு செய்யும்.

ஆனால் 30 மாத்திரை 30 நாள்தான் வரும். ஜனவரி 3 முதல் ஏப்ரல் 28 வரையான 115 நாட்களுக்கு அவர் வாங்கியது 90 மாத்திரை. வேறு எங்கும் வாங்காமல் இருந்திருந்தால், 25 நாட்கள் மாத்திரை இல்லாமல் போயிருக்கின்றன. மருந்து கையில் இருந்த நாட்களின் விகிதம் 78 சதவீதம். உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்த விகிதத்தை அளந்துவருகிறார்கள். நாள்பட்ட நோய்களுக்கு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் இவர் கவனிக்கப்பட வேண்டியவர். ஆனால் சராசரிக் கணக்கு அவரைக் கவனிக்கவில்லை. அவருடைய விடுபடலையே வழக்கமாக ஏற்றுக்கொண்டு, மாத்திரை தீர்ந்து ஐந்து நாள் கழித்துத் 'தீரப் போகிறது' என்று செய்தி அனுப்புகிறது.

மற்ற வியாபாரங்களிலிருந்து மருந்துக் கடை வேறுபடுவது இங்கேதான். அரிசியில் வழக்கமான பயன்பாடு என்பதுதான் தேவை. மருந்தில் தேவை என்பது சீட்டில் எழுதியிருக்கும் அளவு. வழக்கம் அதற்குக் குறைவாகவும் இருக்கலாம், அதிகமாகவும் இருக்கலாம். ஆகவே நாளைக் குறிப்பதற்குச் சீட்டின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய வாங்குதல் கணக்கை, அந்த அளவிலிருந்து ஆள் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான தானியங்கி நினைவூட்டல்கள் தவறுகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடையின் புத்தகத்தில் விழுந்த இடைவெளி எல்லாமே விடுபடல் அல்ல. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைத் தன்னார்வப் பெண்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு மாதம் அங்கே கிடைத்தால் அந்த மாதம் கடைக்கு வர மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரை கிடைத்து இன்னொன்று கிடைக்காதபோது, கிடைக்காததை மட்டும் வெளியே வாங்குவார்கள். 'மூணு மாசமா நீங்க வரலையே' என்று குற்றம் சாட்டும் தொனியில் பேசினால் ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவரைத்தான் புண்படுத்துவோம். புத்தகம் சந்தேகத்தைக் கிளப்பலாம். பதிலை ஆளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர், மூன்று மாத்திரை

எண்ணிக்கை முறை எப்படி வேலை செய்கிறது என்பதை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மலைக் கிராமத்திலிருந்து சனிக்கிழமைதோறும் கீழே இறங்குகிற ஒருவர். காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒன்று, காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 ஒவ்வொன்று, இரவில் அடோர்வாஸ்டாடின் 10 ஒன்று. ஜனவரி 3, சனிக்கிழமை கடைக்கு வருகிறார். 15 உள்ள அம்லோடிபின் இரண்டு அட்டை, 20 உள்ள மெட்ஃபார்மின் இரண்டு அட்டை, 15 உள்ள அடோர்வாஸ்டாடின் ஓர் அட்டை கேட்கிறார். அன்றைய மாத்திரைகள் போக வீட்டில் முறையே 4, 6, 5 மிச்சம் இருப்பதாகச் சொல்கிறார்.

அம்லோடிபின் மொத்தம் 34, நாளுக்கு ஒன்று. ஜனவரி 4-இல் தொடங்கினால் கடைசி மாத்திரை பிப்ரவரி 6. மெட்ஃபார்மின் 46, நாளுக்கு இரண்டு, 23 நாள். கடைசி நாள் ஜனவரி 26. அடோர்வாஸ்டாடின் 20, கடைசி நாள் ஜனவரி 23. மூன்று மாத்திரைக்கும் மூன்று தேதி. மலையிலிருந்து வருகிறவர் இதற்காக மூன்று தடவை வர மாட்டார். எது முதலில் தீர்ந்ததோ அதை விட்டுவிட்டு, எல்லாம் தீர்ந்த பிறகு ஒன்றாக வாங்குவார். பெரும்பாலும் விட்டுப்போவது கொழுப்பு மாத்திரையாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது எதற்கு என்பது பலருக்கும் விளங்கியிருக்காது.

எனவே நினைவூட்டும் நாளைத் தேடுவதற்கு முன்னால் தேதிகளை ஒன்றாக்க வேண்டும். மிகத் தாமதமாகத் தீரும் பிப்ரவரி 6-ஐப் பொதுத் தேதியாக வைத்துக்கொள்வோம். அடோர்வாஸ்டாடின் ஜனவரி 24 முதல் பிப்ரவரி 6 வரை 14 நாளுக்கு 14 வேண்டும், ஓர் அட்டை கூடுதலாகக் கொடுத்தால் சரியாகிவிடும். மெட்ஃபார்மின் ஜனவரி 27 முதல் 11 நாளுக்கு 22 வேண்டும், ஓர் அட்டையும் வெட்டிய இரண்டு மாத்திரையும். அன்று ஒரு தடவை சற்றுக் கூடுதலாகச் செலவாகும். பிப்ரவரியிலிருந்து அம்லோடிபின் இரண்டு அட்டை, மெட்ஃபார்மின் மூன்று அட்டை, அடோர்வாஸ்டாடின் இரண்டு அட்டை என்று முப்பது நாள் கணக்குத் துல்லியமாகப் பொருந்திவிடும். அமெரிக்க மருந்தகங்கள் பல இப்படித் தேதிகளை ஒன்றாக்குவதை ஒரு தனிச் சேவையாகவே நடத்துகின்றன. அடிவார ஊரில் இதன் தேவை அங்கிருப்பதைவிட அதிகம். அட்டையை வெட்டும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் ஒரு துண்டில் போய்விடும், மற்றதில் எதுவும் இருக்காது. அதைக் கவரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது எந்த நாளில் சொல்வது? கடைசி மாத்திரை பிப்ரவரி 6, வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை வருவார்தானே என்று விட்டுவிட்டால், அன்று மழையில் பஸ் வராமல் போனால் ஒரு வாரம் முழுக்க மாத்திரை இல்லை. அதனால் தீர்வதற்கு முந்தைய சனிக்கிழமையான ஜனவரி 31-தான் அவர் வாங்க வேண்டிய நாள். அதற்கு முன் கடையில் சரக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கள்ளக்குறிச்சி ஏஜென்சியில் சொல்லி வரவழைக்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். ஆகவே ஜனவரி 28, புதன்கிழமை இரவு அவருக்குப் போன் போக வேண்டும். ஊருக்குள் இருப்பவருக்கு இதே மாத்திரைக்குப் பிப்ரவரி 3 அன்று சொன்னாலும் போதும். முன்கூட்டிச் சொல்லும் நாட்களை வருகிறவரின் பஸ்ஸும், சரக்கு வரும் நேரமும், மருந்தின் தன்மையும்தான் முடிவு செய்கின்றன. எல்லாருக்கும் 'மூன்று நாள் முன்' என்று ஒரே எண்ணை வைப்பது தவறு.

மிச்சம் எத்தனை?

அந்தப் புதன்கிழமை இரவு போனில் பேசுவது எப்படி? 'அண்ணே, மாத்திரை தீரப் போவுது, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிடுங்க' என்று முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் 'காலை மாத்திரை எத்தன மிச்சம் இருக்குங்கண்ணே?' என்று கேட்டால் அந்த அழைப்பின் மதிப்பே வேறு.

நம் கணக்குப்படி ஜனவரி 28 இரவில் அம்லோடிபின் 9 மிச்சம் இருக்க வேண்டும். ஒன்பது அல்லது பத்து என்றால் எல்லாம் சரி. பதினாறு என்று சொன்னால், 25 நாளில் 18 மாத்திரைதான் சாப்பிட்டிருக்கிறார், ஏழு நாள் விட்டுப்போயிருக்கிறது. இவருக்கு வேண்டியது புது அட்டை அல்ல, ஏன் விட்டார் என்ற விசாரிப்பு. கால் வீங்கியதா? அம்லோடிபினுக்கு அது அறியப்பட்ட பக்கவிளைவு. தாங்களாகவே நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுகிறவர்கள் பலருக்குக் காரணம் அதுதான். அப்படியென்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 'ரெண்டுதான் இருக்கு' என்றால், வீட்டில் இன்னொருவரும் அதே மாத்திரையை எடுத்துக்கொள்கிறார் என்றோ, தலைசுற்றும்போதெல்லாம் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்கிறார் என்றோ சந்தேகிக்க வேண்டும். வெறும் விற்பனைப் புத்தகத்தில் இந்த மூன்று பேரும் ஒரே மாதிரி தெரிவார்கள்: ஜனவரி 3 அன்று 30 மாத்திரை வாங்கியவர்கள். கணக்கில் வர வேண்டிய மிச்சத்தையும் கையில் இருக்கும் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஆள் ஆளாகத் தெரிகிறார்கள்.

எண்ணிப் பார்க்காமல் தோராயமாகச் சொல்கிறவர்கள் உண்டு என்பது இம்முறையின் குறை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பேசச் சொன்னால் ஓரளவு சரியாகும். சனிக்கிழமை வரும்போது பழைய அட்டையை எடுத்துவரச் சொன்னால் இன்னும் நல்லது. தவறான பிராண்டு, இரட்டிப்பு மாத்திரை, காலாவதி எல்லாம் அதில் வெளிப்பட்டுவிடும்.

எண்ணிக்கை போதாத மருந்துகள்

எல்லாவற்றையும் மாத்திரை எண்ணிக்கையில் அடக்க முடியாது. இன்சுலின் அதற்கு நல்ல உதாரணம். இந்தியாவில் பரவலாக விற்கும் 10 மில்லி குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 20 யூனிட் போடுகிறவருக்கு 20 நாள். நாளுக்கு 8 யூனிட் மட்டும் போடுகிறவருக்கு வகுத்தால் 50 நாள் வருகிறது. ஆனால் திறந்த குப்பியைச் சுமார் நான்கு வாரத்துக்கு மேல் வைத்துப் போடக் கூடாது, வீரியம் குறையும். அவருக்கு நினைவூட்டும் நாளைக் குறிப்பது திறந்த தேதிதான், மிச்சம் அல்ல. பேனாவில் போடும் 3 மில்லி காட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கும். காலையில் 12, இரவில் 8 என்றால் 15 நாள் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஊசியில் மருந்து சரியாக வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே விட்டுவிடுவது முறை. அதைச் சேர்த்தால் நாளுக்கு 24, பன்னிரண்டரை நாளில் தீர்ந்துவிடும். முறையாகச் செய்கிறவர்தான் சீக்கிரம் வருவார். இது தெரியாத கடைக்காரர் அவரைச் சந்தேகிப்பார்.

ஆஸ்துமாவுக்கு மூச்சு திணறும்போது இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் இதற்கு நேர் எதிரான பாடம் சொல்கிறது. 200 தடவை இழுக்கும் அளவு உள்ள டப்பா. முன்பு ஆறு மாதம் வந்தது இப்போது ஒன்றரை மாதத்தில் தீர்கிறது என்றால், பயன்பாடு கூடியிருக்கிறது என்று பார்த்து முன்கூட்டியே நினைவூட்டுவது வியாபாரக் கணக்குக்குச் சரி. மருத்துவக் கணக்குக்கு மிகத் தவறு. வருடத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ போகிறவர்களுக்கு ஆஸ்துமா முற்றும் அபாயம் அதிகம், மாதம் ஒன்று என்ற அளவுக்குப் போனால் உயிராபத்தும் கூடும் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு நெறிகள் எச்சரிக்கின்றன. இங்கே கடைக்காரர் சொல்ல வேண்டியது 'டாக்டரைப் பாருங்க' என்பதே. தேவைக்கு மட்டும் எடுக்கும் எந்த மருந்துக்கும், வலி மாத்திரை உட்பட, 'மறுபடி வாங்குங்கள்' என்று நினைவூட்டக் கூடாது.

மாத்திரைகளுக்குள்ளும் எது விட்டுப்போனால் எவ்வளவு கெடுதி என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், ஓரிரு நாள் தாமதம் உடனே தெரியாது. அம்லோடிபினும் மெல்லத்தான் வெளியேறும். ஆனால் இதய நோயாளி அடினோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும். குளோனிடினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வலிப்பு மாத்திரை விட்டுப்போனால் வலிப்பு திரும்பும். மலையில் இருப்பவருக்கு இந்த வகை மருந்துகளில் ஒரு வார மாத்திரையாவது எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்கும்படி, டாக்டரின் சம்மதத்தோடு ஒரு தடவை சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். பழைய அட்டையை முதலில் தீர்க்கச் சொல்ல வேண்டும்.

ஆய்வுகள் காட்டுவது

நாள்பட்ட நோய் மருந்துகளைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிக்கை வெளியிட்டது. நினைவூட்டினால் இது மாறுமா? குறுஞ்செய்தி பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை 50 சதவீதத்திலிருந்து 67.8 சதவீதமாக உயர்த்த முடியும் என்று கணித்தது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் குறுகிய காலத்தவை, நோயாளிகள் தாங்களே சொன்னதை நம்பியவை என்பதையும் அதன் ஆசிரியர்களே குறிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், நாள் குறிக்கும் பட்டை, நேரம் காட்டும் மூடி, கிழமைப் பெட்டி ஆகிய மலிவான சாதனங்களைத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். எதனாலும் பயன் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொருளைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நினைவூட்டல் பலன் தரவில்லை என்றாவது சொல்லலாம். நம் நாட்டில் 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில், குறித்த நாளில் வராத நோயாளிகளின் பட்டியலை எடுத்து ஊழியர்கள் போன் செய்து அழைக்கிறார்கள். அது தவறிய பிறகு தேடிப் போவது. தவறுவதற்கு முன்பே பேசும் வாய்ப்பு பக்கத்துக் கடைக்காரருக்கு இருக்கிறது, ஏனென்றால் மாத்திரை எந்தத் தேதியில் தீரும் என்பது விற்கும்போதே அவருக்குத் தெரியும்.

எந்த வழியில் சொல்வது?

மலை மேல் சில ஊர்களில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. புதன்கிழமை அனுப்பிய செய்தி, ஆள் கீழே இறங்கும் சனிக்கிழமைதான் வந்து சேரும் என்றால் அது நினைவூட்டல் ஆகாது. வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கும் அப்படித்தான். இவர்களுக்கு நம்பகமான வழி, மருந்துக் கவரின் மேல் பெரிய எழுத்தில் 'அடுத்து வாங்க வேண்டிய நாள்: ஜனவரி 31, சனி. அன்று இரவு 6 மிச்சம் இருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுப்பதுதான். தேதியும் எண்ணும் சேர்ந்து இருப்பதால் வீட்டில் படிக்கிற பிள்ளைகூடச் சரிபார்க்க முடியும். போன் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

வெளியூர் போகிறவரிடம் எத்தனை நாள் என்று கேட்டு அத்தனை நாளுக்கும் கொடுக்க நினைக்கலாம். இங்கே சட்டம் குறுக்கே வரும், வர வேண்டியதும்தான். இங்கே சொன்ன பிரஷர், சுகர் மாத்திரைகள் மருந்து விதிகளின் அட்டவணை எச்-இல் வருபவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் தவிர ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம் என்று 1945-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எனவே கடைக்காரர் மாத்திரை தீரும் தேதியோடு சீட்டின் காலம் முடியும் தேதியையும் குறித்துவைக்க வேண்டும். சீட்டு முடியப் போகிறவருக்குப் பத்து நாள் முன்பே 'இந்தத் தடவை டாக்டரைப் பாத்துட்டு வாங்க' என்று சொல்வதுதான் உண்மையான நினைவூட்டல். ஆண்டுக்கணக்கில் ஒரே அளவை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நினைவூட்டலே ஊக்குவித்துவிடக் கூடாது.

ரகசியமும் முக்கியம். ஒரே போனை வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். 'உங்கள் சுகர் மாத்திரை', 'உங்கள் வலிப்பு மாத்திரை' என்று செய்தியில் எழுதினால், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 'உங்கள் மாத மருந்து' என்று மட்டும் இருக்கட்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. போன் செய்யலாமா, யாருடைய எண்ணுக்கு, எந்த நேரத்தில் என்று முதல் தடவையே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சட்டத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. வேண்டாம் என்றால் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, நினைவூட்டியவர் சரக்கு வைத்திருக்க வேண்டும். வரும் வாரத்தில் யார் யாருக்கு எது தீர்கிறது என்ற பட்டியலே கடைக்கான ஆர்டராகவும் ஆகிவிடும். அவர்களுக்கானதைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவரிடம் 'நாளைக்கு வாங்க' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த அழைப்பை அவர் நம்ப மாட்டார்.

வாங்கிய நாட்களின் சராசரியை வைத்து மருந்துக்கு நினைவூட்டுவதை நிறுத்திவிடலாம் என்பதே இவை அனைத்தையும் பார்த்த பிறகு நான் வரும் முடிவு. சீட்டில் உள்ள அளவு, கையில் உள்ள மிச்சம், ஆள் கீழே இறங்கும் நாள் ஆகிய மூன்றும் போதும். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நாளையே தொடங்கலாம். மருந்துக் கடை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த தடவை மாத வாடிக்கையாளர் வரும்போது, எத்தனை அட்டை வேண்டும் என்று கேட்பதற்கு முன், வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேளுங்கள்.